ஊசி ஒன்று, வேலை இரண்டு: ஐவிஎஃப் பிரிவில் புதிதாகச் சேரும் நர்ஸ்களுக்கு

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வளர்ந்த எனக்கு மலையாளம் வரும், தமிழ் வரும், வார்டு வேலையும் ஓரளவு வரும். அந்தத் தைரியத்தில்தான் குழந்தையின்மைப் பிரிவுக்குப் போனேன். முதல் மாதம் முழுக்கத் தலை சுற்றியது. ஒரே லூப்ரோலைடு ஊசியை ஒரு நோயாளிக்கு மூன்று வாரம் தினமும் போடச் சொன்னார்கள். இன்னொருவருக்கு அதையே ஒரே ஒரு ராத்திரி மட்டும் போடச் சொன்னார்கள். ஏன் என்று கேட்டால் "புரோட்டோகால் வேற" என்ற ஒற்றை வரிதான் பதில்.

பாலக்காட்டிலோ சித்தூரிலோ பயிற்சிக்குச் சேரும் தங்கைகளும் தம்பிகளும் அந்த ஒரு மாதத்தை மிச்சப்படுத்தட்டும் என்று இதை எழுதுகிறேன். டோஸை முடிவு செய்வது டாக்டர். சரியான மருந்து, சரியான அளவில், சரியான மணிக்குள் போகிறதா என்று பார்ப்பது நாம். இதில் அந்த இரண்டாவது பாதி மட்டும்தான் இருக்கிறது.

1. சீட்டில் முதலில் தேட வேண்டிய வார்த்தை

சிகிச்சைச் சீட்டு கைக்கு வந்ததும் டோஸைப் பார்க்காதீர்கள். "ஆன்டகோனிஸ்ட்" என்று இருக்கிறதா, "லாங் அகோனிஸ்ட்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதைப் பொறுத்தே மாறும்.

இரண்டிலும் பொதுவாக இருப்பது கோனடோட்ரோபின், அதாவது முட்டைப் பைகளை வளர்க்கும் ஊசி. தனி எஃப்எஸ்ஹெச் பேனாவாக வரலாம். எஃப்எஸ்ஹெச்சும் எல்ஹெச் வேலையும் சேர்ந்த ஹெச்எம்ஜி பொடி வயலாகவும் வரலாம். இது பல ஃபாலிக்கிள்களை ஒன்றாக வளர்த்துவிடும். சிக்கல் என்னவென்றால், எஸ்ட்ரடயால் ஏறியதும் பிட்யூட்டரி சுரப்பி தானாகவே எல்ஹெச்சைக் கொட்டிவிடும். நாம் எடுப்பதற்கு முன்பே முட்டை வெளியேறிவிடும். அந்த எல்ஹெச்சைப் பிடித்து வைக்கத்தான் இரண்டாவது ஊசி.

எங்கள் ஊருக்குத் தண்ணீர் ஆழியாறிலிருந்து வருகிறது, அதனால் நான் இதை அணையாகவே நினைத்துக்கொள்வேன். ஆன்டகோனிஸ்ட் என்பது மதகைப் பிடித்து மூடிவைக்கும் ஆள். போட்ட சில மணி நேரத்தில் எல்ஹெச் இறங்கிவிடும், ஆனால் அணையில் தண்ணீர் அப்படியே இருக்கும். லூப்ரோலைடு போன்ற அகோனிஸ்ட் நேர் எதிர். மதகைத் திறந்தே வைக்கும். முதல் சில நாள் எஃப்எஸ்ஹெச்சும் எல்ஹெச்சும் கூடத்தான் செய்யும், இதை ஃப்ளேர் என்பார்கள். தினமும் போடப் போட அணை வற்றும், மதகும் துருப்பிடித்து அசையாது. இந்த நிலைக்குப் பேர் டவுன்-ரெகுலேஷன். அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும்.

தண்ணீர் இருக்கிறதா, வற்றிவிட்டதா? இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 5ஆம் படியில் தேவைப்படும்.

2. ஊசிக்கு முன் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பெண்ணுக்கு 21 வயதுக்கு மேல், 50க்குள். ஆணுக்கு 21க்கு மேல், 55க்குள். ஆகவே வயதுச் சான்று, இருவரின் ஆதார் நகல், எழுத்தில் வாங்கிய ஒப்புதல் இல்லாமல் கோப்பைத் திறக்க வேண்டாம். இருவருக்கும் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, விடிஆர்எல் முடிவுகள் வேண்டும். பெண்ணுக்கு முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச், தைராய்டு, எடை, அலர்ஜி விவரமும் வேண்டும்.

ஒப்புதல் படிவத்தில்தான் எங்கள் எல்லைப் பகுதிக்கே உரிய கண்ணி இருக்கிறது. படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் இருக்கும். பொள்ளாச்சியிலிருந்து வருகிறவர் மலையாளம் பேசினால் தலையாட்டுவார், படிக்கத் தெரியாது. ஒவ்வொரு பத்தியையும் தமிழில் சொல்லி, அவர் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லி, யார் எந்த மொழியில் விளக்கினார்கள் என்று கோப்பில் ஒரு வரி எழுதுங்கள்.

3. நாள் கணக்கு: நான் தவறிய இடம்

மாதவிடாய் நன்றாகத் தொடங்கிய நாள் சைக்கிள் நாள் 1. சொட்டுச் சொட்டாகப் படுவது கணக்கில் வராது. ஆன்டகோனிஸ்ட் முறையில் பெரும்பாலும் நாள் 2 அன்று ஸ்கேன், எஸ்ட்ரடயால், புரோஜெஸ்டிரோன் பார்த்துவிட்டு அன்றே எஃப்எஸ்ஹெச் தொடங்குவார்கள். அந்த நாள்தான் ஊசி நாள் 1.

இப்போது சீட்டில் "நாள் 6, செட்ரோரெலிக்ஸ் 0.25 மி.கி. தொடங்கவும்" என்று இருக்கிறது. செட்ரோரெலிக்ஸ்தான் ஆன்டகோனிஸ்ட். எந்த நாள் 6? ஊசி நாள் 6. சைக்கிள் கணக்கில் அது நாள் 7. நான் சைக்கிள் நாளைப் பிடித்துக்கொண்டு ஒரு நோயாளிக்கு ஒரு நாள் முன்னதாகவே போட்டுவிட்டேன். அவருக்குக் கெடுதல் ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஆம்பூல் காசு வீண், எனக்கு நல்ல திட்டு. இதே தவறு மறுபக்கமாக ஒரு நாள் தள்ளிப்போயிருந்தால் முட்டையே போயிருக்கும். அன்றிலிருந்து சீட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் தேதியும் கிழமையும் என் கையால் எழுதிவிடுகிறேன். டாக்டர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

சில டாக்டர்கள் நாளே குறிக்காமல், பெரிய ஃபாலிக்கிள் 12 முதல் 14 மி.மீ. வந்ததும் தொடங்கச் சொல்வார்கள். அப்படி இருந்தால் ஸ்கேன் நாளைத் தள்ளிப்போடவே கூடாது. "நாளைக்கு பஸ் ஸ்ட்ரைக்குங்க சிஸ்டர், மறுநாள் வரட்டுமா" என்று கேட்பார்கள். நீங்களாகச் சரி சொல்லிவிடாதீர்கள். டாக்டரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

4. ஒரு நோயாளியின் பத்து நாள்

பெயர் வேண்டாம். 31 வயது, ஏஎம்ஹெச் 4.8, முதல் ஸ்கேனில் இரண்டு பக்கமும் சேர்த்து 22 சிறு ஃபாலிக்கிள்கள். இவ்வளவு இருந்தால் அதிகமாகத் தூண்டப்படும் ஆபத்து உண்டு. அதனால் டாக்டர் ஆன்டகோனிஸ்ட் முறையையும் தினம் 150 யூனிட் எஃப்எஸ்ஹெச்சையும் தேர்ந்தெடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாதவிடாய். திங்கள் ஸ்கேன், அன்று மாலை 7 மணிக்கு முதல் ஊசி. எப்படியும் எட்டு ஒன்பது நாளாவது ஆகும் என்று வைத்து 900 யூனிட் பேனா ஒன்றை முதலில் வாங்கச் சொன்னோம். அது ஆறு நாள் வரும். சனிக்கிழமை ஸ்கேன் பார்த்த பிறகு 450 யூனிட் பேனா ஒன்று, அது மூன்று நாள். செலவைக் குறைக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான். குளிர்பதன மருந்தைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார், டோஸோ ஸ்கேன் பார்த்துக் கூடலாம் குறையலாம். ஆகவே இரண்டு ஸ்கேனுக்கு நடுவில் எவ்வளவு தேவையோ அவ்வளவே வாங்கச் சொல்லுங்கள். பேனாவில் மிச்சம் போதாவிட்டால் இன்னும் எத்தனை யூனிட் பாக்கி என்று அதன் டோஸ் ஜன்னலே எண் காட்டும். அந்தப் பாக்கியைப் புதுப் பேனாவில் போட வேண்டும். "காலியாயிடுச்சு, அவ்வளவுதான்" என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுங்கள்.

சனிக்கிழமை, ஊசி நாள் 6. பெரிய ஃபாலிக்கிள் 13 மி.மீ. காலை 9 மணிக்கு செட்ரோரெலிக்ஸ் 0.25 மி.கி. தொடங்கியது. இது பொடியாக வரும். கூட வரும் 1 மில்லி நீரை விட்டு மெதுவாகச் சுழற்றிக் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரை வரும், டோஸ் குறையும். கரைத்ததும் போட்டுவிட வேண்டும். தொப்புளைச் சுற்றி, தினமும் இடம் மாற்றி, தோலுக்கு அடியில். போட்ட இடம் சிவந்து அரிக்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கும். அதை முன்னாலேயே சொல்லாவிட்டால் ராத்திரி போன் வரும். உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல் என்றால் அது வேறு விஷயம், உடனே அவசரப் பிரிவுக்கு.

அப்புறம் இந்த எண்ணை மனப்பாடம் செய்யுங்கள்: 30 மணி நேரம். ஒரு ஆன்டகோனிஸ்ட் ஊசிக்கும் அடுத்ததற்கும், கடைசி ஊசிக்கும் முட்டையை முதிரவைக்கும் ட்ரிக்கர் ஊசிக்கும் நடுவில் இதற்கு மேல் போகக் கூடாது. போனால் மதகைப் பிடித்த கை தளரும். காலை போடுகிறவருக்கு ட்ரிக்கர் நாள் காலையிலும் ஒன்று உண்டு என்பதை இதை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம்.

திங்களன்று பெரியவை 15, 16 மி.மீ. புதன்கிழமை, ஊசி நாள் 10, மூன்று ஃபாலிக்கிள்கள் 17 மி.மீ. தாண்டிவிட்டன. பின்னால் இன்னும் பதினைந்துக்கு மேல் வரிசையில் நின்றன. எஸ்ட்ரடயால் 4,100. அன்று காலை ஐந்தாவது செட்ரோரெலிக்ஸ் போட்டோம், மாலை எஃப்எஸ்ஹெச் வேண்டாம் என்றார் டாக்டர். மொத்தம் ஒன்பது நாள், 1,350 யூனிட். இரண்டு பேனாவும் சரியாகத் தீர்ந்தன.

5. ட்ரிக்கர்: மதகுக் கதை உதவும் இடம்

முட்டை முதிர கடைசியாக ஒரு உந்துதல் வேண்டும். வழக்கமாக அது ஹெச்சிஜி. 5,000 முதல் 10,000 யூனிட் வரையோ, 250 மைக்ரோகிராம் ரீகாம்பினன்ட் வகையோ போடுவார்கள். ஹெச்சிஜி உடம்பில் பல நாள் தங்கும். ஃபாலிக்கிள்கள் அதிகம் இருப்பவருக்கு அந்த நாட்கள் முழுக்கச் சினைப்பையைத் தூண்டிக்கொண்டே இருக்கும். வயிற்றில் நீர் கோக்கும் ஓஹெச்எஸ்எஸ் வருவது இப்படித்தான்.

நம் நோயாளிக்கு டாக்டர் ஹெச்சிஜியை விட்டுவிட்டு ட்ரிப்டோரெலின் 0.2 மி.கி. எழுதினார், அதாவது 0.1 மி.கி. சிரிஞ்ச் இரண்டு. ட்ரிப்டோரெலின் ஒரு அகோனிஸ்ட். லூப்ரோலைடையும் இதே வேலைக்கு எழுதுவதுண்டு. மதகைப் பிடித்திருந்த ஆளைத் தள்ளிவிட்டு, தேங்கியிருந்த எல்ஹெச்சை ஒரே மூச்சில் திறந்துவிடும். வேகமாகப் பாய்ந்து ஒன்றரை நாளுக்குள் வடிந்துவிடுவதால் ஓஹெச்எஸ்எஸ் பயம் வெகுவாகக் குறைகிறது. ஆனால் அதே காரணத்தால் சைக்கிளின் பின்பாதியில் கருப்பைக்குப் போதிய ஹார்மோன் ஆதரவு இருக்காது. அதனால் அந்த மாதம் கரு வைக்காமல் எல்லாவற்றையும் உறையவைத்துவிடுவார்கள். நோயாளிக்கு இதை ட்ரிக்கருக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். உறையவைக்கும் கட்டணம், அடுத்த மாதம் கரு வைக்கும் கட்டணம் இரண்டும் தனி. முட்டை எடுக்கும் பிக்கப் முடிந்து மயக்கம் தெளிந்த பிறகு பில்லில் பார்த்துத் தெரிந்துகொண்ட குடும்பங்களின் கோபத்தை நான் நேரில் வாங்கியிருக்கிறேன்.

இதே பெண் லாங் அகோனிஸ்ட் முறையில் வந்திருந்தால்? இந்த வழியே கிடையாது. அணை ஏற்கெனவே வற்றிவிட்டது, மதகு அசையாது. அகோனிஸ்ட் ட்ரிக்கர் போட்டாலும் எல்ஹெச் வராது, முட்டை முதிராது. ஹெச்சிஜி மட்டும்தான் வேலை செய்யும். ஆகவே சீட்டின் மேலே "லாங் அகோனிஸ்ட்", கீழே ட்ரிக்கர் இடத்தில் "லூப்ரோலைடு" என்று இருந்தால் ஊசியை எடுக்காதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். பயிற்சி நர்ஸ் கேட்கலாமா என்ற தயக்கம் இந்த இடத்தில் வேண்டாம்.

6. ட்ரிக்கர் மணி, நள்ளிரவுக் கண்ணி

வெள்ளி காலை 10 மணிக்கு பிக்கப் என்றால் 36 மணி நேரம் பின்னால் எண்ணுங்கள்: புதன் இரவு 10. எங்கள் நோயாளி சரியாகப் போட்டார், மணியை எழுதி வைத்தார். வியாழன் காலை ரத்தம் எடுத்ததில் எல்ஹெச் நன்றாக ஏறியிருந்தது. அகோனிஸ்ட் ட்ரிக்கர் வேலை செய்ததா என்று பார்க்க இதுதான் வழி. ஹெச்சிஜி போட்டவருக்கு மறுநாள் சிறுநீர் கர்ப்பப் பரிசோதனையில் கோடு வரும். அது கர்ப்பம் இல்லை, மருந்து உள்ளே போனதற்கான அத்தாட்சி. இதைச் சொல்லாவிட்டால் அந்தக் கோட்டைப் பார்த்து வீட்டில் இனிப்பு வாங்கிவிடுவார்கள்.

இன்னொருவர் கதை வேறு. சனி மதியம் 12.30க்கு பிக்கப். ட்ரிக்கர் "வெள்ளி இரவு 12.30" என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். எழுதியவர் நினைத்தது வியாழன் ராத்திரி தூங்காமல் இருந்து போடுவதை. வேலந்தாவளத்தில் இருந்த அந்த அக்கா வெள்ளிக்கிழமை சாப்பிட்ட பிறகு போடுவது என்று எடுத்துக்கொண்டார். அவர் புரிந்துகொண்டதில் என்ன தப்பு? வெள்ளி காலை போன் செய்தபோதுதான் தெரிந்தது. நல்லவேளையாக முந்தைய ஆன்டகோனிஸ்ட் போட்டு 24 மணி நேரம்தான் ஆகியிருந்தது. உடனே இன்னொன்று போடச் சொல்லி, எல்லாவற்றையும் ஒரு நாள் தள்ளினார் டாக்டர். இப்போது நாங்கள் நள்ளிரவு மணியே கொடுப்பதில்லை. வேறு வழியில்லாவிட்டால் "வியாழன் இரவு படுக்காமல், 11.59 தாண்டி அரை மணி" என்று தமிழில் எழுதி, மறுநாள் காலை முதல் வேலையாக போன் செய்கிறோம்.

7. லாங் அகோனிஸ்ட் சீட்டு வந்தால்

இப்போது பெரும்பாலும் ஆன்டகோனிஸ்ட் முறைதான். ஆனாலும் லாங் முறை மறையவில்லை, எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்கு எழுதிப் பார்த்திருக்கிறேன். முந்தைய சைக்கிளின் 21ஆம் நாள் வாக்கில் லூப்ரோலைடு தினமும் 1 மி.கி. அல்லது 0.5 மி.கி. தொடங்கும். தொடங்கும் முன் கர்ப்பம் இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். இரண்டு வாரம் கழித்து மாதவிடாய் வந்ததும் பரிசோதனை: எஸ்ட்ரடயால் 50க்குக் கீழே, கருப்பை உட்சவ்வு மெல்லியதாக, ஃப்ளேரால் வந்த நீர்க்கட்டி ஏதும் இல்லாமல் இருக்க வேண்டும். அப்புறம்தான் எஃப்எஸ்ஹெச்.

இங்கே இரண்டு கண்ணிகள். முதலாவது, புது ஊசி தொடங்கியதும் பழைய ஊசி முடிந்துவிட்டது என்று நோயாளி நினைப்பது. முடியவில்லை. டோஸ் பாதியாகக் குறையலாம், ஆனால் ட்ரிக்கர் நாள் வரை இரண்டும் சேர்ந்தே போகும். "ரெண்டு ஊசி, ரெண்டும் தினமும்" என்று விரலை நீட்டிச் சொல்லுங்கள்.

இரண்டாவது சிரிஞ்ச். எங்களிடம் வரும் லூப்ரோலைடு வயலில் 4 மில்லியில் 4 மி.கி. இருக்கும். 0.5 மி.கி. என்றால் அரை மில்லி. இன்சுலின் சிரிஞ்சில் எடுத்தால், சிவப்பு மூடி உள்ள யூ-40இல் அது 20ஆம் கோடு. ஆரஞ்சு மூடி உள்ள யூ-100இல் 50ஆம் கோடு. "20 வரைக்கும் இழுங்க" என்று நீங்கள் சொல்லி, அவர் ஊர் மருந்துக்கடையில் யூ-100 வாங்கினால் பாதிகூடப் போகாது, 0.2 மி.கி.தான் போகும். ஆகவே கோட்டின் எண்ணைச் சொல்லாமல் மில்லியைச் சொல்லுங்கள், சிரிஞ்சையும் நீங்களே கொடுத்து அனுப்புங்கள். வேறு கம்பெனி வயலில் அடர்த்தி வேறாக இருக்கலாம், லேபிளை ஒவ்வொரு முறையும் படியுங்கள். ஒரு மாதத்துக்கான 3.75 மி.கி. டெப்போவும் இதே பெயரில் வரும், அலமாரியில் இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

செலவு என்று பார்த்தால் லாங் முறையில் அகோனிஸ்ட் மட்டுமே 24, 25 நாள் வரை ஓடும். எஃப்எஸ்ஹெச்சும் பொதுவாகக் கொஞ்சம் கூடத்தான் வேண்டியிருக்கும். ஆன்டகோனிஸ்ட் ஒவ்வொரு ஆம்பூலும் விலை அதிகம், ஆனால் ஐந்தாறோடு முடிந்துவிடும். விலைப்பட்டியல் கேட்கிறவரிடம் ஒரு ஊசியின் விலையைச் சொல்லாமல், எத்தனை ஊசி என்று எண்ணி மொத்தமாகச் சொல்லுங்கள்.

8. மருந்து வீடு போய்ச் சேரும் வரை

மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயிலில் பஸ்ஸில் இரண்டு மணி நேரம். 2 முதல் 8 டிகிரியில் வைக்கச் சொல்லும் மருந்தைப் பிளாஸ்டிக் கவரில் கொடுத்து அனுப்பாதீர்கள். சின்னத் தெர்மாகோல் பெட்டி, ஐஸ் பேக், இரண்டுக்கும் நடுவில் துணி. துணி முக்கியம், ஐஸ் நேராகப் பட்டு மருந்து உறைந்தால் அதைத் தூக்கித்தான் போட வேண்டும். வீட்டு ஃபிரிட்ஜில் ஃப்ரீசருக்கு அடியிலும் வேண்டாம், கதவிலும் வேண்டாம், நடுத்தட்டு. பயன்படுத்திய ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

9. பிக்கப் முடிந்த பிறகு கேட்க வேண்டியவை

எங்கள் நோயாளிக்கு 19 முட்டை கிடைத்தது, 15 முதிர்ந்தவை. அகோனிஸ்ட் ட்ரிக்கர் போட்டவர்தான் என்றாலும் தினமும் போன் செய்தோம். "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால் "நல்லாருக்கேங்க" என்றுதான் பதில் வரும். அதனால் எண்ணாகக் கேளுங்கள். இன்று காலை எடை எவ்வளவு, நேற்று எவ்வளவு? சிறுநீர் எத்தனை முறை போனது? பாவாடை நாடா நேற்றுக் கட்டிய இடத்திலேயே கட்ட முடிகிறதா? நேராகப் படுத்தால் மூச்சு முட்டுகிறதா? ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் கூடினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றே வரச் சொல்லுங்கள், காலை வரை காத்திருக்க வேண்டாம். ஹெச்சிஜி போட்டு அதே மாதம் கரு வைத்தவர்களுக்கு இந்த போன் இரண்டு வாரம் வரை தொடர வேண்டும். கர்ப்பம் பிடித்தால் அதுவே ஹெச்சிஜி சுரக்கும், அடங்கியது போலிருந்த வயிறு பத்தாம் நாளுக்குப் பிறகு மறுபடி வீங்கலாம்.